‘அன்றைய நைட்’ என்பது எந்த நைட்?

கேள்வி:

வணக்கம். நான் ஒரு மருத்துவமனை வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். எங்களுக்கு நைட் டியூட்டி இரவு 8 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரை. ஒரு நைட்டை மாற்றிக்கொள்ள வார்டு சூப்பர்வைசருக்கு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குச் சந்தியெல்லாம் சரியாக வராது. எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தால் போதும், அனுப்பிவிடுவேன்.

பொருள்: டியூட்டி சம்மந்தமாக

மதிப்பிற்குறிய மேடம்,

வணக்கம். நீங்கள் தவறாக நினைக்க வேண்டாம். என் அம்மாவிற்கு வரும் மார்ச் 14ம் தேதி காலை கண் ஆப்பரேசன் இருப்பதால் அன்றைய நைட் டியூட்டியை என்னால் பார்க்க இயலாத சூழ்நிலை உள்ளது. வீட்டில் வேறு யாரும் இல்லை. இதுபற்றி மலர் சிஸ்டரிடம் பேசினேன். அவர் பார்த்து கொள்வதாக சொன்னார். அதற்க்கு பதில் அவருடைய 17ம் தேதி டியூட்டியை நான் பார்க்கிறேன். எனவே தாங்கள் தயவுகூர்ந்து என் டியூட்டியை மாற்றி கொடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டு கொள்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மெயிலை இன்னும் அனுப்பாமல் இருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை அனுப்ப வேண்டாம். எழுத்துப் பிழைகளைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் திருத்தி முடித்த பிறகும் ஒரு கேள்வி அப்படியே நின்றது. நீங்கள் மாற்றக் கேட்பது எந்த இரவு? இதை என்னால் திருத்த முடியாது. உங்களிடம் கேட்கத்தான் முடியும். (உங்கள் சக சிஸ்டரின் பெயரை மட்டும் மலர் என்று மாற்றியிருக்கிறேன்.)

மார்ச் 14, 2026 ஆண்டு நாட்காட்டியில் சனிக்கிழமை. அம்மாவுக்கு ஆபரேஷன் அன்று காலையில். ‘அன்றைய நைட்’ என்றால் எழுத்துப்படி சனிக்கிழமை இரவு 8 மணிக்குத் தொடங்கி ஞாயிறு காலை முடியும் டியூட்டி. அது ஆபரேஷன் முடிந்து பல மணி நேரம் கழித்து வருவது. அப்படியானால் உங்கள் தேவை, ஆபரேஷன் ஆன அன்று இரவு அம்மா கூட இருப்பது. அது நியாயமான காரணம்தான். ஆனால் ஆபரேஷன் காலையில் என்று நீங்கள் அழுத்திச் சொல்லியிருப்பதைப் பார்த்தால் வேறொன்றும் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை, அதாவது 13ஆம் தேதி இரவு 8 மணிக்கு டியூட்டிக்குப் போனால், சனிக்கிழமை காலை 8 மணிக்குத்தான் ஹேண்ட்ஓவர் கொடுத்துக் கிளம்ப முடியும். இரவெல்லாம் விழித்த கண்ணோடு அம்மாவை ஆபரேஷனுக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கும். அந்த நைட்டைத்தான் தவிர்க்க நினைக்கிறீர்களோ? 14ஆம் தேதி காலையில் முடியும் நைட் என்பதால் மனத்தில் அது ‘14ஆம் தேதி நைட்’ என்று பதிந்திருக்கலாம்.

இரண்டும் பொருந்துகின்றன. என்னைக் கேட்டால் 13ஆம் தேதி இரவுதான் என்பேன். ஆனாலும் அப்படித் தோன்றுவதை வைத்து மெயிலில் கை வைக்க மாட்டேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பின் அறிவிப்பு என் மேசைக்கு வந்தது. அதில் தேதி ஒன்றும் கிழமை ஒன்றுமாக இருந்தன. தேதி சரி, கிழமைதான் தவறு என்று நானே முடிவுசெய்து கிழமையை மாற்றினேன். கிழமை சரியாகத்தான் இருந்திருக்கிறது, தேதிதான் தவறு. வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எழுத்து, ஒற்று, புள்ளி இவற்றைத் திருத்துவது என் வேலை. தேதி, நேரம், மருந்தளவு, பெயர் இவற்றில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதியவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

நைட் டியூட்டி பற்றிய மெயிலில் இந்தக் குழப்பம் வருவதற்கு உங்கள் கவனக்குறைவு காரணமில்லை. நைட் ஷிப்ட் இரண்டு தேதிகளின் மேல் கிடக்கிறது. நள்ளிரவில் நாள் மாறுகிறது, டியூட்டி மாறுவதில்லை. நான் பார்த்த ரோஸ்டர்களில் நைட்டை அது தொடங்கும் தேதியின் கட்டத்தில்தான் குறிப்பார்கள். ஆனால் நைட் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்த இரவு முடிந்த காலைதான் நினைவில் நிற்கும். எழுதுகிறவர் முடிவை நினைத்து எழுத, படிக்கிறவர் தொடக்கத்தை நினைத்துப் படித்தால், ஒரே வாக்கியம் 24 மணி நேரம் தள்ளிப் போய்விடும்.

அப்படித் தள்ளிப் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். நீங்கள் கேட்டது 13ஆம் தேதி இரவு, மேடம் படித்தது 14ஆம் தேதி இரவு என்று வைத்துக்கொள்வோம். மேடம் ‘சரி’ என்று பதில் போட்டு, ரோஸ்டரில் 14ஆம் தேதிக் கட்டத்தில் மலரின் பெயரை எழுதுகிறார். 13ஆம் தேதிக் கட்டத்தில் உங்கள் பெயர் அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு 8 மணி. மலர் வருவார் என்று நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். ரோஸ்டரைப் பார்த்த மலர், தனக்கு நாளைதானே என்று அவர் வீட்டில் இருக்கிறார். பகல் டியூட்டி முடிந்த சிஸ்டர், ஹேண்ட்ஓவர் வாங்க ஆள் இல்லாமல் வார்டிலேயே நிற்கிறார். மூன்று பேரும் அவரவர் படித்தபடி சரியாகத்தான் நடந்திருக்கிறார்கள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத மெயிலிலும் இது நடக்கும்.

இதற்கு மருந்து எளிது. ஒரு நைட்டைக் குறிப்பிடும்போது தொடங்கும் கிழமை, தேதி, மணி, முடியும் கிழமை, தேதி, மணி எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். ‘மார்ச் 13 வெள்ளி இரவு 8 மணி முதல் மார்ச் 14 சனி காலை 8 மணி வரை’. நீளமாகத் தெரியும், பரவாயில்லை. கிழமையையும் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேதியைத் தட்டும்போது 13 என்பது 14 ஆகிவிட்டால், தேதி மட்டும் இருக்கும் இடத்தில் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் வெள்ளி என்று இருந்தால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். ஒன்றை ஒன்று காவல் காக்கும். உங்கள் மருத்துவமனையில் 24 மணி நேரக் கணக்கு வழக்கமென்றால் 20:00, 08:00 என்றே எழுதலாம். ‘இரவு 12 மணி’ என்பதை மட்டும் எந்தத் தேதியோடும் சேர்த்து எழுத வேண்டாம். அது அந்த நாளின் தொடக்கமா, முடிவா என்று ஆளுக்கு ஆள் வேறு விதமாக எடுத்துக்கொள்வார்கள். ‘வரும்’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். மெயிலை எழுதுவது ஒரு நாள், அவர் திறந்து பார்ப்பது இன்னொரு நாள்.

அடுத்த சிக்கல் ‘பார்த்துக்கொள்வது’. உங்கள் மூன்று வாக்கியங்களைத் தொடர்ந்து படித்துப் பாருங்கள்: வீட்டில் வேறு யாரும் இல்லை, மலர் சிஸ்டரிடம் பேசினேன், அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எதைப் பார்த்துக்கொள்வார்? முதல் தடவை படித்தபோது, மலர் உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப்போகிறார் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். அப்படியானால் டியூட்டியை ஏன் மாற்ற வேண்டும் என்று குழம்பி, மறுபடி மேலே போய்ப் படித்தேன். தமிழில் பார்ப்பது என்ற வினை டியூட்டிக்கும் வரும், நோயாளிக்கும் வரும், பிரச்சினைக்கும் வரும். உங்கள் வேலையில் அது நாள் முழுக்க வாயில் இருக்கும் சொல் என்பதால் எழுதும்போது செயப்படுபொருளை விட்டுவிடுகிறீர்கள். பேச்சில் அது தெரியாது. மெயிலில் ‘என் டியூட்டியை அவர் பார்ப்பார்’ என்று முழுதாக இருக்க வேண்டும்.

‘மாற்றிக் கொடுக்குமாறு’ என்பதும் அதே வகைதான். ‘என் டியூட்டியை மாற்றிக் கொடுங்கள்’ என்றால், வேறு டியூட்டி தாருங்கள், அதற்கு ஆளையும் நீங்களே தேடுங்கள் என்று பொருளாகிறது. ‘நானும் மலரும் டியூட்டியை மாற்றிக்கொள்கிறோம், அனுமதி வேண்டும்’ என்றால், ஆள் தயார், ஒப்புதல் மட்டும் போதும் என்று பொருள். நீங்கள் கேட்க வந்தது இரண்டாவது. எழுதியிருப்பது முதலாவது. கொடு, கொள் என்ற துணைவினை ஒன்றுதான் வித்தியாசம். மெயிலை அவசரமாகப் படிக்கும் சூப்பர்வைசருக்கு, ஏற்கெனவே முடிந்துபோன வேலை ஒன்று புதிதாகத் தலையில் விழுந்த மாதிரி இருக்கும்.

மாற்றம் என்றால் அதற்கு இரண்டு பாதிகள் உண்டு. உங்கள் நைட்டை யார் பார்க்கிறார் என்பது ஒரு பாதி. அதற்கு ஈடாக நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பது மறுபாதி. உங்கள் மெயிலில் மறுபாதி அரைகுறையாக நிற்கிறது. 17ஆம் தேதி டியூட்டி என்றால் பகலா, இரவா? இதுவும் என்னால் நிரப்ப முடியாத இடம். நைட் என்று நினைத்துக்கொண்டு கீழே எழுதியிருக்கிறேன், ரோஸ்டரைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ரோஸ்டரைத் திறக்கும்போது, இந்த இரண்டு ஷிப்டுகளுக்கும் முன்னும் பின்னும் உள்ள கட்டங்களையும் பாருங்கள். மேடம் முதலில் பார்க்கப்போவது அங்கேதான். வெள்ளி இரவு உங்களுக்காக வரும் மலருக்குச் சனிக்கிழமை பகல் டியூட்டி இருந்தால், காலை 8 மணிக்கு முடித்து அதே 8 மணிக்கு மறுபடி தொடங்க வேண்டும். 24 மணி நேரம் ஒரே மூச்சில். அதேபோல் 17ஆம் தேதி பகலில் உங்களுக்கு டியூட்டி இருந்துவிட்டு, அன்று இரவு மலருடைய நைட்டையும் ஏற்றுக்கொண்டால் உங்கள் நிலையும் அதுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977இல் செவிலியர் பணி பற்றி ஒரு பரிந்துரை வெளியிட்டது, 157 என்ற எண்ணில். ஷிப்ட் முறையில் வேலை செய்யும் செவிலியருக்கு ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 12 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு வேண்டும் என்று அது சொல்கிறது. பரிந்துரை என்பதால் அது தானாகச் சட்டம் ஆகிவிடாது. உங்கள் மருத்துவமனையின் விதி எதுவோ, மேடம் அதைத்தான் பார்ப்பார். இடைவெளி போதுமானதாக இருந்தால் அதை மெயிலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், அவர் ரோஸ்டரைத் தேடி எடுக்கும் வேலை மிச்சம். போதவில்லை என்றால் மெயிலை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் பயனில்லை. மலரோடு பேசி வேறு நாளையோ, வேறு ஆளையோ பாருங்கள்.

மலரின் சம்மதமும் மெயிலில் உங்கள் வாய்ச்சொல்லாக மட்டும் இருக்கிறது. மெயிலை அனுப்பும்போது அவருக்கும் ஒரு நகல் போகட்டும். தேதி, மணியை அவரும் கண்ணால் பார்ப்பார். ‘ஆமாம், எனக்குச் சம்மதம்’ என்று அவர் அந்த மெயிலிலேயே பதில் போட்டால் மேடத்துக்கு வேறு விசாரணை தேவைப்படாது. நீங்கள் இருவரும் இரண்டு வெவ்வேறு இரவுகளை மனத்தில் வைத்துப் பேசியிருந்தாலும் அங்கேயே வெளிவந்துவிடும்.

இனி நீங்கள் கேட்ட எழுத்துப் பிழைகள். ‘மதிப்பிற்குரிய’ என்பதில் இடையின ர. உரியவர், உரிமை என்பதிலிருந்து வருவது அது. ‘குறிய’ என்று வல்லினம் போட்டால் குறிப்பதோடு போய்ச் சேர்ந்துவிடும். சூப்பர்வைசர் முதலில் படிக்கும் சொல் இதுதான் என்பதால் இது ஒன்றையாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘அதற்க்கு’ என்பதில் க் தேவையில்லை, ‘அதற்கு’ போதும். ற் என்ற மெய்யை அடுத்து இன்னொரு மெய் வராது. ‘முயற்ச்சி’ தவறு, ‘முயற்சி’ சரி என்பதும் இதே காரணத்தால்தான். ‘சம்மந்தம்’ பேச்சில் வருவது, எழுத்தில் ‘சம்பந்தம்’. 14ம் என்பதை 14ஆம் என்று எழுதுங்கள்.

சந்தி வராது என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், அதற்குப் பதில், மாற்றிக் கொடுக்குமாறு, கேட்டுக்கொள்கிறேன் என்ற தொடர்களில் ஐந்து இடங்களில் ஒற்று விடுபட்டிருக்கிறது. வாய்விட்டுப் படித்தீர்களென்றால் அந்த ஐந்து இடங்களிலும் நாக்கு தானாகவே அழுத்தும். அழுத்தும் இடத்தில் ஒற்று போடுங்கள். எல்லா இடத்துக்கும் இந்த வழி பொருந்தாது, ஆனால் ஒரு மெயிலுக்குப் போதும். இந்த ஐந்தும் விடுபட்டதால் உங்கள் மெயிலின் பொருள் எங்கும் மாறவில்லை. அப்புறம், தொடக்கத்தில் ‘நீங்கள்’ என்றும் முடிவில் ‘தாங்கள்’ என்றும் இருக்கிறது. மேடத்திடம் நேரில் எப்படிப் பேசுவீர்களோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். நான் ‘நீங்கள்’ என்று ஒருசீராக்கியிருக்கிறேன். ‘தவறாக நினைக்க வேண்டாம்’ என்ற வரியை எடுத்துவிட்டேன். நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. ‘பார்க்க இயலாத சூழ்நிலை உள்ளது’ என்பதையும் எடுத்துவிட்டேன். மாற்று ஏற்பாடு கையில் இருக்கும்போது அது மறுப்பு மாதிரி ஒலிக்கிறது.

பொருள் வரியை முழுதாக மாற்றியிருக்கிறேன். சூப்பர்வைசருக்கு வரும் மெயில்களில் பாதி டியூட்டி சம்பந்தமாகத்தான் இருக்கும். எந்த இரவு, யாரோடு யார் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்தால், பிறகு தேடி எடுக்கவும் எளிது.

13ஆம் தேதி இரவு என்று வைத்துக்கொண்டு திருத்திய மெயில் இது:

பொருள்: மார்ச் 13 வெள்ளி நைட் – மலர் சிஸ்டருடன் டியூட்டி மாற்றம் – அனுமதி வேண்டி

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். என் அம்மாவுக்கு மார்ச் 14 சனிக்கிழமை காலை கண் ஆபரேஷன். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் நான்தான் அழைத்துப் போக வேண்டும். அதனால் நானும் மலர் சிஸ்டரும் கீழ்க்கண்டபடி டியூட்டியை மாற்றிக்கொள்ள உங்கள் அனுமதியைக் கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 13 வெள்ளி இரவு 8 மணி முதல் மார்ச் 14 சனி காலை 8 மணி வரை உள்ள என் நைட் டியூட்டியை மலர் சிஸ்டர் பார்ப்பார்.

மார்ச் 17 செவ்வாய் இரவு 8 மணி முதல் மார்ச் 18 புதன் காலை 8 மணி வரை உள்ள அவருடைய நைட் டியூட்டியை நான் பார்ப்பேன்.

13, 14 தேதிகளில் மலர் சிஸ்டருக்கும், 17, 18 தேதிகளில் எனக்கும் வேறு டியூட்டி இல்லை. அவருக்கு இதில் சம்மதம், இந்த மெயிலின் நகலை அவருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 10 செவ்வாய்க்குள் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். அதுவரை 13ஆம் தேதி நைட் என் பொறுப்பிலேயே இருக்கும்.

நன்றி.

கடைசிப் பத்தி உங்கள் மெயிலில் இல்லாதது. அனுமதி வருவதற்கு முன்பே மாற்றம் நடந்துவிட்டதாக இருவரும் நினைத்துக்கொண்டு, யாருமே வராமல் போகும் நிலையை அது தடுக்கும். 10ஆம் தேதி என்பது நான் போட்டது. வேறு ஆளைத் தேட உங்களுக்கு எத்தனை நாள் வேண்டுமோ அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ‘வேறு டியூட்டி இல்லை’ என்ற வரி ரோஸ்டரில் உண்மையாக இருந்தால் மட்டும் இருக்கட்டும், இல்லையென்றால் நீக்கிவிடுங்கள். அடியில் உங்கள் முழுப் பெயர், ரோஸ்டரில் இருப்பது போலவே.

நீங்கள் கேட்டது 14ஆம் தேதி இரவுதான் என்றால் நான்கு இடங்களில் மாற்ற வேண்டும். பொருள் வரியில் ‘மார்ச் 14 சனி நைட்’. டியூட்டி வரியில் ‘மார்ச் 14 சனி இரவு 8 மணி முதல் மார்ச் 15 ஞாயிறு காலை 8 மணி வரை’. ஓய்வு வரியில் மலருக்கு 14, 15 தேதிகள். கடைசி வரியில் 14ஆம் தேதி. காரணமும் அப்போது மாறும்: ‘நான்தான் அழைத்துப் போக வேண்டும்’ என்பதற்குப் பதிலாக ‘அன்று இரவு நான்தான் உடன் இருக்க வேண்டும்’. அதை மாற்றாமல் தேதியை மட்டும் மாற்றினால், காலை ஆபரேஷனுக்கு இரவு டியூட்டியை ஏன் மாற்றுகிறீர்கள் என்று மேடமும் என்னைப் போலவே கேட்பார்.

அனுப்புவதற்கு முன் மெயிலையும் ரோஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு தேதியின் மேலும் விரலை வைத்துக் கட்டத்தோடு ஒத்துப்பாருங்கள். நைட் முடித்த களைப்பில் பார்க்க வேண்டாம், தூங்கி எழுந்த பிறகு பாருங்கள். அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும்.